முடி வேகமாக வளரவில்லையே: நீலக்கடல் உத்தி பற்றித் தீராத ஒரு சந்தேகம்

மேலாண்மை மாணவர்களுக்கு நீலக்கடல் உத்தியை நடத்தும்போது நான் எப்போதும் எடுத்துக்கொள்ளும் உதாரணம் முடிவெட்டு. பாடப்புத்தகங்கள் வழக்கமாகக் காட்டும் விமானத் துறையையும் சர்க்கஸையும் பற்றி வகுப்பில் பாதிப் பேருக்குத்தான் நேரடி அனுபவம் இருக்கும். முடிவெட்டிக்கொள்ளாதவர் யாருமே இருக்க முடியாது. வழுக்கை விழுந்தவர்களும் ஒரு காலத்தில் வெட்டிக்கொண்டவர்கள்தாம் என்று சொல்லி ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டு, ஜப்பானின் பத்து நிமிட சலூன் கதைக்குள் நுழைவேன். கதை முடியும்போது எல்லோருக்கும் பாடம் புரிந்துவிட்டிருக்கும். நெரிசலான சந்தையில் முட்டி மோதாமல், யாரும் போகாத நீரைத் தேடிப் போனவர் வென்றார், அவ்வளவுதான். பல ஆண்டுகள் இதைச் சொல்லி நிம்மதியாக வீட்டுக்குப் போயிருக்கிறேன்.

சென்ற ஆண்டு ஒரு மாணவி, எல்லோரும் கிளம்பத் தயாராகிக்கொண்டிருந்த நேரத்தில் கையைத் தூக்கினார். “சார், ஒரு சந்தேகம். அந்த ஊரில் தலைகளின் எண்ணிக்கை கூடவில்லை. யாருக்கும் முடி வேகமாக வளரவும் இல்லை. அப்படியானால் அந்த வாடிக்கையாளர்கள் எங்கிருந்து வந்தார்கள்?” என்று கேட்டார். “புதிய தேவை உருவானது” என்று பாடப்புத்தகத்தில் உள்ளபடியே பதில் சொன்னேன். அவர் மரியாதையாக அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். எழுதிய விதத்திலேயே அவருக்கு நிறைவில்லை என்பது தெரிந்தது. எனக்கும் இல்லை. இந்தக் கட்டுரை, அந்தக் கேள்விக்கு அன்று சொல்லியிருக்க வேண்டிய பதிலைத் தேடிய கதை.

சொற்களைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். போட்டியாளர்கள் ஒருவரையொருவர் கடித்து நீரே சிவந்துபோன சந்தையைச் ‘செங்கடல்’ என்று சிலர் எழுதுகிறார்கள். செங்கடல் என்றால் நிலவரைபடத்தில் இருக்கும் கடல்தான் என் நினைவுக்கு வருகிறது. ஆகவே இங்கே ‘சிவப்புக் கடல்’ என்றே எழுதுகிறேன்.

அறுபத்திரண்டு நிமிடங்கள்

அந்தக் கேள்விக்குப் பிறகு நான் முதலில் செய்த காரியம், அடுத்த முறை முடிவெட்டிக்கொள்ளப் போனபோது கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறிப்பெடுத்ததுதான். கதவைத் திறந்து உள்ளே போனதிலிருந்து வெளியே வந்தது வரை 62 நிமிடங்கள். அதில் காத்திருந்தது 27 நிமிடங்கள். நாற்காலியில் அமர்ந்து, துணியைப் போர்த்தி, எப்படி வெட்ட வேண்டும் என்று பேசி முடிக்க 5. கத்தரியும் சீப்பும் உண்மையில் என் தலையில் வேலை செய்தது 12. பின்கழுத்தையும் கிருதாவையும் சவரக்கத்தியால் சீராக்க 6. தலையைக் கழுவ 8, உலர்த்த 4. ஆக, நான் எதற்காக அங்கே போனேனோ அந்த வேலை, நான் செலவிட்ட நேரத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

மற்ற நேரமெல்லாம் வீண் என்று இதற்குப் பொருளல்ல. கழுவி உலர்த்திய எட்டும் நான்கும் எனக்கு இதமாகத்தான் இருந்தன. ஆனால் அவற்றை நான் கேட்கவில்லை. அவை வேண்டுமா என்று என்னிடமும் யாரும் கேட்கவில்லை. எல்லா சலூன்களிலும் இருப்பதால் அங்கும் இருந்தன. சிவப்புக் கடல் என்பதை விளக்கக் கழுத்தை அறுக்கும் விலைப்போட்டியைத்தான் பலரும் காட்டுவார்கள். எனக்கு அதைவிட இதுவே சரியான அடையாளமாகப் படுகிறது. ஒரு கடைக்காரர் வாடிக்கையாளரைப் பார்த்து எதையும் சேர்ப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரரைப் பார்த்துச் சேர்க்கிறார். ஒருவர் சூடான துண்டு கொடுத்தால் சில வாரங்களுக்கு அவரிடம் கூட்டம் கொஞ்சம் கூடும். பிறகு எல்லோரும் கொடுப்பார்கள். கூட்டம் பழையபடி பிரிந்துகொள்ளும். ஆனால் துண்டை வெளுத்து, சூடாக்கி, விரிக்கும் செலவும், அதற்கான மூன்று நிமிடமும் எல்லா நாற்காலிகளிலும் நிரந்தரமாகத் தங்கிவிடும். அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. எடுத்தால், கொடுக்காதவர் என்ற பெயர் வந்துவிடும்.

இதைக் கோடாக வரைந்து பார்க்கலாம். ஒரு தாளில் கிடைமட்டமாக அந்தத் தொழில் எதிலெல்லாம் போட்டியிடுகிறதோ அவற்றை எழுத வேண்டும்: விலை, வெட்டின் தரம், கழுவுதல், சவரம், இருக்கை வசதி, முன்பதிவு, பேச்சுத் துணை, காத்திருக்கும் நேரம். ஒவ்வொன்றிலும் ஒரு கடை எவ்வளவு கொடுக்கிறது என்று மேலும் கீழுமாகப் புள்ளி வைத்து இணைத்தால் அதுவே அந்தக் கடையின் கோடு. நீலக்கடல் உத்தியை வகுத்த சான் கிம், ரெனே மொபோர்ன் இருவரும் இதை உத்தி வரைபடம் என்கிறார்கள். நெரிசலான சந்தையில் ஐந்து கடைகளின் கோடுகளை வரைந்தால் ஐந்தும் ஒன்றின்மேல் ஒன்று படிந்து, தடித்த ஒரே கோடாகத் தெரியும். விலை உயர்ந்த கடையின் கோடு சற்று மேலே ஓடும். மலிவான கடையின் கோடு சற்றுக் கீழே ஓடும். ஆனால் வடிவம் ஒன்றுதான். வாடிக்கையாளருக்கு அப்போது ஒப்பிட மிஞ்சுவது விலை மட்டுமே.

நீக்கியதும், அதனால் கிடைத்ததும்

ஜப்பானில் குனியோஷி கொனிஷி 1996இல் டோக்கியோவில் தொடங்கிய க்யூபி ஹவுஸ் என்ற பத்து நிமிட சலூனின் கோடு வேறு வடிவத்தில் இருந்தது. அப்போது அங்கே ஆண்களுக்கான முடிவெட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரச் சடங்கு. சூடான துண்டுகள், தோள்களைப் பிடித்துவிடுதல், தேநீர், சவரம், தலை கழுவி உலர்த்துதல் எல்லாம் சேர்ந்து 3000 முதல் 5000 யென் வரை ஆகும். கொனிஷியின் கடையில் பத்து நிமிடம், 1000 யென். தலை கழுவுவது கிடையாது. வெட்டிய துணுக்குகளை மேலிருந்து இறங்கும் ஒரு குழாய் காற்றால் உறிஞ்சி எடுத்துவிடும். முன்பதிவு கிடையாது. தொலைபேசி எடுக்கவோ பணம் வாங்கவோ ஆள் கிடையாது. வாசலில் உள்ள இயந்திரத்தில் பணத்தைப் போட்டுச் சீட்டு எடுத்துக்கொள்ள வேண்டும். வெளியே போக்குவரத்து விளக்கைப் போன்ற ஒரு விளக்கு இருக்கும். பச்சை என்றால் உடனே அமரலாம், மஞ்சள் என்றால் சிறிது நேரம் காத்திருக்க வேண்டும், சிவப்பு என்றால் அதைவிடக் கூடுதலாகக் காத்திருக்க வேண்டும். உள்ளே போய்க் கேட்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

இந்தப் பட்டியலைக் கேட்டதும் மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு தவறுகளில் ஒன்றைச் செய்கிறார்கள். ஒரு சாரார், ‘மலிவு விலைக் கடை’ என்று முடித்துவிடுகிறார்கள். மலிவு விலைக் கடை என்பது எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக் கொடுப்பது: மட்டமான துண்டு, அவசரமான சவரம், பழைய நாற்காலி. அதன் கோடு கீழே இறங்கும், வடிவம் மாறாது. மறு சாரார், ‘வித்தியாசமான கடை’ என்கிறார்கள். வெறும் வித்தியாசம் என்றால், இருப்பதோடு விளக்கையும் உறிஞ்சுகுழாயையும் கூடுதலாகச் சேர்த்து விலையை ஏற்றியிருக்க வேண்டும். இங்கே நடந்தது இரண்டும் அல்ல. சிலவற்றை அடியோடு நீக்கியதால் மிச்சமான நேரமும் பணமுமே, உயர்த்திய மற்றவற்றுக்குச் செலவாகியிருக்கின்றன. கழுவாததால் தண்ணீர்க் குழாய் இணைப்பும் கழுவுதொட்டியும் தேவையில்லை. தொட்டி இல்லாததால் ஒரு நாற்காலிக்குத் தேவையான இடம் சுருங்கியது. இடம் சுருங்கியதால் ரயில் நிலையத்துக்கு அருகே, வாடகை அதிகமுள்ள இடத்தில் மூன்று நான்கு நாற்காலிகளோடு கடை போட முடிந்தது. அங்கே போட்டதால்தான் அவசரத்தில் இருப்பவர் உள்ளே வந்தார். சங்கிலியில் ஒரு கண்ணியை எடுத்தாலும் மற்றவை கழன்றுவிடும். மேலாண்மை அறிஞர் மைக்கேல் போர்ட்டர் 1980களில் வலியுறுத்திய கருத்து, ஒரு நிறுவனம் குறைந்த செலவு அல்லது தனித்தன்மை, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்பது. நீலக்கடல்காரர்கள் அதோடு முரண்படுவது இந்த ஒரு கண்ணியில்தான்: எதை நீக்குகிறோம் என்பது சரியாக அமைந்துவிட்டால் இரண்டும் ஒன்றாகவே கிடைக்கும் என்கிறார்கள்.

கணக்கையும் போட்டுப் பார்க்கலாம். பழைய கடையில் ஒரு முடிதிருத்துநர் ஒரு மணி நேரத்தில் ஒருவருக்கு வெட்டுகிறார். நடுவிலையாக 4000 யென் என்று வைத்துக்கொள்வோம். புதிய கடையில் ஒருவருக்குப் பத்து நிமிடம் என்றால் மணிக்கு ஆறு பேர், 6000 யென். இடையில் கொஞ்சம் தாமதமாகி ஐந்து பேர் என்றாலும் 5000. விலை நான்கில் ஒரு பங்காக இறங்கியும், ஒரு மணி நேர உழைப்பின் வருமானம் கூடுகிறது. இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போட்டதும் வகுப்பில் ஒரு சலசலப்பு எழும். எனக்குப் பிடித்த தருணம் அது. அதன் மறுபக்கத்தை நான் பல ஆண்டுகளாகப் போட்டுக் காட்டாமலே விட்டிருக்கிறேன். மணிக்கு நான்கு பேர் மட்டுமே வந்தால் வருமானம் 4000. பழைய கடையோடு சமம். மூன்று பேர் என்றால் 3000. பழைய கடையைவிட மோசம். அதாவது இந்த உத்தியின் உயிர் விலையில் இல்லை, நாற்காலி காலியாக இல்லாமல் இருப்பதில் இருக்கிறது. வாசல் விளக்கு அலங்காரம் அல்ல. சிவப்பைப் பார்த்துத் திரும்பிப் போனவர் பச்சை எரியும் வேளையில் மீண்டும் வருவார். காலியான நேரத்தையும் கூட்டமான நேரத்தையும் அது சமன்படுத்துகிறது. ஆள் நடமாட்டம் குறைந்த தெருவில் இதே கடையை அப்படியே நகலெடுத்து வைத்தவருக்கு நட்டம் ஏன் வருகிறது என்பதற்கும் இதுவே விடை.

கேள்விக்குத் திரும்புகிறேன்

அந்த ஆறு பேர் எங்கிருந்து வந்தார்கள்? தலைமுடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். எந்த உத்தி நிபுணராலும் அதை மாற்ற முடியாது. ஆகவே முடிவெட்டுச் சந்தை வளர வேண்டுமானால் இரண்டே வழிகள். வீட்டிலேயே வெட்டிக்கொள்பவர்கள் கடைக்கு வர வேண்டும்; அல்லது ஏற்கெனவே கடைக்கு வருபவர்கள் இன்னும் அடிக்கடி வர வேண்டும். மற்றபடி வருகிறவர் யாராக இருந்தாலும் அவர் பக்கத்துக் கடையில் நேற்று வரை அமர்ந்திருந்தவர்தான்.

கிம்மும் மொபோர்னும் வாடிக்கையாளர் அல்லாதவர்களை மூன்று வட்டங்களாகப் பிரிக்கிறார்கள்: வேறு வழியில்லாமல் வந்து, எப்போது விலகலாம் என்று காத்திருப்பவர்கள், வேண்டாம் என்று தெரிந்தே ஒதுங்கியவர்கள், இந்தத் தொழிலின் வாடிக்கையாளராகலாம் என்று யாராலும் நினைத்துப் பார்க்கப்படாதவர்கள். முடிவெட்டில் மூன்றாம் வட்டம் ஏறக்குறைய இல்லை. முதல் வட்டம் மிகப் பெரியது. நானே அதில் இருக்கிறேன். ஒரு மணி நேரம் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போட்டுத் தள்ளிப்போட்டு, காதை மூடும் அளவுக்கு வளர்ந்த பிறகு போகிறவன். எனக்கு உண்மையில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொள்ள விருப்பம். எட்டு வாரத்துக்கு ஒருமுறை வெட்டிக்கொள்கிறேன். பத்து நிமிடக் கடை ஒன்று நான் போகும் வழியில் இருந்தால் ஐந்து வாரத்துக்கு ஒருமுறையே போவேன். இதுதான் அந்த ‘புதிய தேவை’ என்று எனக்குத் தோன்றியது; மாணவிக்கு விடை கிடைத்துவிட்டது என்றும் நினைத்தேன். அவருக்கு அனுப்புவதற்காக அதை எண்ணாக மாற்றிப் பார்த்தபோதுதான் தடுமாறினேன்.

எட்டு வாரத்துக்கு ஒருமுறை என்றால் ஆண்டுக்கு ஆறரை முறை. ஒரு முறைக்கு 4000 யென் என்றால் ஆண்டுக்கு 26000. ஐந்து வாரத்துக்கு ஒருமுறை என்றால் பத்து முறையும் கொஞ்சமும். முறைக்கு 1000 என்றால் ஆண்டுக்கு 10400. வருகைகள் அறுபது விழுக்காடு கூடியிருக்கின்றன. ஆனால் முடிவெட்டுக்காக என் பையிலிருந்து போகும் பணம் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. நான் கடலைப் பெரிதாக்கவில்லை. யென்னில் அளந்தால் சுருக்கியிருக்கிறேன். வீட்டில் வெட்டிக்கொண்டவர்கள் பெருங்கூட்டமாக வந்தாலொழிய, அந்தத் தொழில் முழுவதுமாக ஈட்டும் பணம் குறையவே செய்யும். நான் வகுப்பில் வரைந்து காட்டிய படத்தில் அந்தப் பக்கம் யாரும் இல்லாத பரந்த நீல நீர் இருந்தது. கணக்கில் பார்த்தால் அந்த நீரின் பெரும்பகுதி பழைய கடைகளின் குளத்திலிருந்து வந்தது.

இந்த இடத்தில்தான் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அப்படியானால் இது வெறும் போட்டிதானா? நீலக்கடல்காரர்கள் சொல்லும் ‘போட்டியைப் பொருளற்றதாக்குதல்’ என்பது வெறும் அலங்காரச் சொல்லா? சில நாட்கள் அப்படித்தான் நினைத்தேன். அடுத்த வகுப்பிலிருந்து பாடத்தையே எடுத்துவிடலாமா என்றும் யோசித்தேன். பிறகு ஒன்று உறைத்தது. நான் கடலைத் தேடிக்கொண்டிருந்தேன். தேட வேண்டியது, பழைய கடைக்காரரால் ஏன் பதிலடி கொடுக்க முடியவில்லை என்பதை.

பழைய கடைக்காரரின் நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்போம். அவருக்கு ஒரு நாளில் எட்டுப் பேர் வருகிறார்கள், 32000 யென். எதிரே 1000 யென் கடை வந்து இரண்டு பேரை இழுத்துக்கொண்டது. அந்த இருவரைத் திரும்பப் பெற அவரும் 1000 யென் வெட்டைத் தொடங்கலாம். ஆனால் தொடங்கிய மறுநாளே, மிச்சமிருக்கும் ஆறு பேரில் சிலர் “எனக்கும் அந்தப் பத்து நிமிட வெட்டே போதும்” என்பார்கள். இருவரைப் பெற ஆறு பேரின் விலையைப் பணயம் வைக்க வேண்டும். அதோடு அவருடைய கடை, கழுவுதொட்டிக்கான இடத்தோடும், தண்ணீர் இணைப்போடும், கழுவுவதற்கும் உலர்த்துவதற்கும் உதவியாளரோடும் கட்டப்பட்டது. 1000 யென் வெட்டு அந்தச் செலவைத் தாங்காது. சும்மா இருந்தால் இரண்டு பேர் போவார்கள். எதிர்த்தால் ஆறு பேரின் வருமானம் போகும். எந்தப் புத்திசாலியும் சும்மா இருப்பதையே தேர்ந்தெடுப்பார். முதலில் தொடங்கியவருக்குக் கிடைக்கும் அமைதியான ஆண்டுகள் இந்தக் கட்டிப்போட்ட கைகளிலிருந்து வருகின்றன, யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து அல்ல.

பழைய கடைகள் உண்மையில் சும்மா இருக்கவும் இல்லை. சந்தையில் பதில் சொல்ல முடியாததால் விதிமுறைகளின் வழியே பதில் சொன்னார்கள். முடிதிருத்துநர் சங்கங்கள் சுகாதாரத்தைக் காரணமாகக் காட்டி வலியுறுத்தியதை அடுத்து, ஜப்பானின் பல மாகாணங்களில் முடிதிருத்தும் கடையில் தலை கழுவும் வசதி கட்டாயம் என்று விதி வந்தது. எதை நீக்கியதால் மொத்தச் சங்கிலியும் இயங்கியதோ, அந்தக் கண்ணியையே குறிவைத்தார்கள் என்பதைப் பார்க்க வேண்டும். வாடிக்கையாளர்களைப் பறிகொடுக்காதவர்கள் இப்படிப் போராட மாட்டார்கள். என் மாணவியின் சந்தேகத்துக்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நீலம் எவ்வளவு நாள்

பழைய கடைக்காரரின் கை கட்டப்பட்டிருந்தது, சரி. இழக்க எதுவும் இல்லாத புதியவருக்குக் கை கட்டப்படவில்லை. கழுவுதொட்டியும் இல்லை, 4000 யென் கொடுக்கும் பழைய வாடிக்கையாளரும் இல்லை. அவரும் நான்கு நாற்காலியும் ஒரு சீட்டு இயந்திரமும் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம். போட்டுக்கொண்டார்கள். சில ஆண்டுகளில் ‘1000 யென் வெட்டு’ என்பதே ஜப்பானில் ஒரு வகைக் கடைக்குப் பொதுப்பெயர் ஆகிவிட்டது. ஒரு நிறுவனத்தின் கண்டுபிடிப்பு பொதுப்பெயராக மாறும் நாளில் கோடுகள் மீண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியத் தொடங்கியிருக்கும். எனக்குத் தெரிந்து நீலம் சிவப்பாவதைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய அளவுகோல் கிடையாது: நம் வாடிக்கையாளர் நம்மை நம் பெயரால் குறிப்பிடுகிறாரா, விலையால் குறிப்பிடுகிறாரா என்று பார்த்தால் போதும்.

விலையும் அங்கேயே நிற்கவில்லை. க்யூபி ஹவுஸ் 2019இல் 1200 யென்னாகவும், 2023இல் 1350 யென்னாகவும் உயர்த்தியது. வெட்டுவதற்கு ஆள் கிடைப்பதும் அவர்களைத் தக்கவைப்பதும் கடினமாகிவிட்டதே முக்கியக் காரணம். இதில் நான் முன்பு கவனிக்காத ஒரு நுணுக்கம் இருக்கிறது. உரிமம் பெற்றுப் புதிதாக வேலைக்குச் சேரும் இளைஞர், வழக்கமான சலூனில் முதல் சில ஆண்டுகள் தலை கழுவுவார், தரை கூட்டுவார், உலர்த்துவார். பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்தே வெட்டக் கற்றுக்கொள்வார். கழுவுவதை நீக்கிய கடையில் அவருக்கு நிற்கவே இடமில்லை. முதல் நாளிலிருந்தே பத்து நிமிடத்தில் வெட்டத் தெரிந்தவர்தான் அங்கே வேண்டும். அப்படிப்பட்டவரை உருவாக்கும் செலவை அதுவரை பழைய சலூன்கள் ஏற்றுக்கொண்டிருந்தன. நீக்கிய சேவையோடு, யாரும் வரைபடத்தில் எழுதாத ஒரு பயிற்சிக்கூடமும் சேர்ந்து நீங்கிவிட்டது. அந்த நிறுவனம் பின்னர் தானே பயிற்சிப் பள்ளி வைத்து ஆட்களைத் தயார்செய்ய வேண்டியிருந்தது. நீக்கியதாக நினைத்த செலவு வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்தது.

ஆகவே இப்போதெல்லாம் மாணவர்களிடம் உத்தி வரைபடத்தை வரையச் சொல்லும்போது ஒரு கூடுதல் வேலை கொடுக்கிறேன். நீக்கப்போகும் ஒவ்வொன்றின் பக்கத்திலும், அது வாடிக்கையாளருக்குக் கொடுத்ததைத் தவிர வேறு யாருக்கு என்ன கொடுத்தது என்று எழுதச் சொல்கிறேன். கழுவுதல், புதியவருக்குக் கற்கும் இடம் கொடுத்தது. முன்பதிவு, முடிதிருத்துநருக்கு நாளின் வடிவத்தைக் கொடுத்தது. பேச்சு, வாடிக்கையாளர் அடுத்த முறையும் அதே நாற்காலிக்கு வரக் காரணமாக இருந்தது. பேச்சு இல்லாத கடையில் எந்த நாற்காலியும் ஒன்றுதான், எந்தக் கடையும் ஒன்றுதான். இதில் பாதி இடங்கள் காலியாகவே திரும்பி வருகின்றன. நீக்குவது எளிது என்று நினைப்பவர்கள் சேர்ப்பதைத் தவிர வேறெதையும் செய்து பார்க்காதவர்கள் என்பது என் கணிப்பு.

கிம், மொபோர்ன் ஆகியோரின் புத்தகம் 2005இல் வந்தது. முப்பது தொழில்களில், நூறு ஆண்டுகளுக்கும் மேலான காலத்தில் நடந்த 150 உத்தி நகர்வுகளை ஆராய்ந்து எழுதப்பட்டது அது. அந்த உழைப்பின் மீது எனக்கு மதிப்பு உண்டு. எனினும் அவை திரும்பிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தவை. கழுவுவதை நீக்கி, வாடிக்கையாளர் வராமல் ஆறே மாதத்தில் கதவடைத்த ஒரு கடை எங்காவது இருந்திருக்கும். அதன் கோடும் நெரிசலிலிருந்து விலகி அழகாகத்தான் ஓடியிருக்கும். தாளில் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய உதவுவது, என் அனுபவத்தில், இரண்டு எண்கள். கடைக்கு வந்தவரிடம், கடைசியாக முடிவெட்டி எத்தனை வாரமாகிறது என்று கேட்க வேண்டும்; அந்த இடைவெளி மாதத்துக்கு மாதம் குறைந்தால் தள்ளிப்போட்டவர்கள் உள்ளே வருகிறார்கள் என்று பொருள். இடைவெளி மாறாமல் கூட்டம் மட்டும் கூடினால், பக்கத்துக் கடையிலிருந்து விலைக்காக வந்தவர்கள். இன்னும் மலிவான கடை வந்ததும் போய்விடுவார்கள். இரண்டாவது எண், மணிக்கு எத்தனை நாற்காலி நிரம்புகிறது என்பது. முதல் எண் நன்றாக இருந்து இரண்டாவது மோசமாக இருந்தால் யோசனை சரி, இடம் தவறு. இரண்டாவது நன்றாக இருந்து முதலாவது அசையவில்லை என்றால் நாம் நீலக்கடலில் இல்லை. சிவப்புக் கடலில் கொஞ்ச காலம் கெட்டிக்காரராக இருக்கிறோம்.

அப்படி இருப்பதிலும் தவறில்லை என்று இப்போது நினைக்கிறேன். முன்பு வகுப்பில் நெரிசலான சந்தையில் இருப்பவர்களைப் பற்றிப் பேசும்போது என் குரலிலேயே ஒரு ஏளனம் இருந்திருக்க வேண்டும். பத்து நிமிடக் கடை வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஜப்பானில் ஒரு மணி நேர சலூன்கள் மறைந்துவிடவில்லை. அவசரக்காரர்கள் போன பின் அங்கே எஞ்சியிருப்பவர்கள், அந்த ஒரு மணி நேரத்துக்காகவே வருபவர்கள். அவர்களுக்குக் கழுவுவது உபரியல்ல. போட்டி இன்னும் இருக்கிறது. ஆனால் எதற்காக வருகிறார் என்று தெரிந்த வாடிக்கையாளருக்காகப் போட்டியிடுவது, எல்லோருக்காகவும் எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு போட்டியிடுவதைவிடக் கணக்கில் எளிது. புதியவர் வந்ததால் பழையவருக்கும் தன் கடை எது என்று தெரிந்துபோனது.

மாணவிக்கு இந்தக் கணக்குகளையெல்லாம் எழுதி அனுப்பினேன். “அப்படியென்றால் பெரும்பாலும் பக்கத்துக் கடையிலிருந்துதான், இல்லையா சார்?” என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஆம் என்று எழுதினேன்.

சென்ற வாரம் மறுபடியும் முடிவெட்டிக்கொள்ளப் போனேன். போன முறை எடுத்த குறிப்புத்தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. காத்திருந்த நேரத்தில் அதை எடுத்து, எனக்குத் தேவையில்லாதவற்றை ஒவ்வொன்றாக அடித்தேன்: காத்திருப்பு, சவரம், கழுவுதல், உலர்த்துதல். அடித்து முடித்தபோது 17 நிமிடம் மிஞ்சியது. பிறகு நாற்காலியில் அமர்ந்தேன். வெட்டி முடித்துத் துணியை உதறிய முடிதிருத்துநர், நேரமாகிவிட்டது என்று நான் சொல்லியிருந்ததை நினைவில் வைத்து, “இன்றைக்குத் தலை கழுவ வேண்டாம்தானே?” என்று கேட்டார். கடிகாரத்தைப் பார்த்தேன். “கழுவியே விடுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சாய்ந்துகொண்டேன்.